நிராகரிக்கப்பட்ட வேலைக்கு எஸ்க்ரோ பணத்தை விடுவிக்கக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலையை ஏற்க முடியாது என்று கிளையன்ட் சொன்னதும் புதிய பிரீலான்சர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சாட்டில் பக்கம் பக்கமாகக் கோபத்தைக் கொட்டுகிறார்கள், அல்லது உடனே டிஸ்ப்யூட் பட்டன் எங்கே என்று தேடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றின் வரிசை தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பணம் கைவிட்டுப் போகலாம்.

இந்த வழிகாட்டி நிலையான விலை ஒப்பந்தங்களுக்கு மட்டும். அதாவது வேலை மைல்ஸ்டோன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய பணத்தை கிளையன்ட் முன்கூட்டியே, தளம் இடையில் வைத்துக் காக்கும் எஸ்க்ரோவில் போட்டிருக்கும் முறை. மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் இப்படி முன்கூட்டியே பணம் போடும் முறை கிடையாது, அங்கே சச்சரவு வேறு வழியில் போகும். நாள் கணக்குகளுக்கு Upwork என்ற பிரீலான்ஸ் தளத்தின் விதிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றத் தளங்களில் எண்கள் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. விதிகளைத் தளங்கள் அவ்வப்போது மாற்றும் என்பதால் உங்கள் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை திறந்து சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு வெப் டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 500 டாலர். முதல் மைல்ஸ்டோன் 100, அது முடிந்து பணமும் வந்துவிட்டது. இரண்டாவது 300 டாலர்: கிளையன்ட் கொடுத்த டிசைன்படி முகப்பும் ஐந்து உள்பக்கங்களும். மூன்றாவது 100 டாலர்: சர்வரில் ஏற்றுவது, படிவத்தை மெயிலோடு இணைப்பது. இரண்டாவதைக் கொடுத்ததும் வந்த பதில் இது: "மொபைலில் மெனு சரியில்லை. தொடர்புப் படிவம் மெயில் அனுப்பவில்லை. மொத்தத்தில் நவீனமாக இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

## 1. எந்த வகை நிராகரிப்பு, எந்தக் கெடு?

பதில் எழுதும் முன் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து அந்த மைல்ஸ்டோன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சாட்டில் கிளையன்ட் என்ன சொன்னார் என்பதைவிட எந்தப் பட்டனை அழுத்தினார் என்பதே முக்கியம். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கெடு உண்டு.

முதல் வகை, சாட்டில் மட்டும் மறுத்திருப்பது. நீங்கள் Submit work வழியாக வேலையைச் சமர்ப்பித்திருந்தால் கிளையன்டுக்கு 14 நாள் அவகாசம். அதற்குள் அவர் எதையும் அழுத்தாவிட்டால் பணம் தானாகவே விடுபடும். அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. பதில் சொல்லாத பிரீலான்சர் என்ற பதிவு பின்னால் இடிக்கும்.

இரண்டாம் வகை, முறைப்படி மாற்றம் கேட்டிருப்பது. இதில் 14 நாள் கணக்கு நின்றுவிடும். நீங்கள் மீண்டும் முறைப்படி சமர்ப்பித்தால்தான் அது புதிதாக ஓடத் தொடங்கும். திருத்திய கோப்பைச் சாட்டில் மட்டும் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தளத்தின் பார்வையில் அவர்கள் எதையும் கொடுக்கவே இல்லை.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது: ஒப்பந்தத்தை முடித்து, எஸ்க்ரோ பணத்தைத் திரும்பக் கேட்டிருப்பது. இங்கே உங்களுக்கு 7 நாள்தான். அதற்குள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, டிஸ்ப்யூட் போடவும் இல்லை என்றால் பணம் தானாக கிளையன்டுக்குப் போய்விடும். அதாவது முதல் வகையில் மௌனம் உங்களுக்குச் சாதகம், மூன்றாம் வகையில் கிளையன்டுக்குச் சாதகம். இந்த வேறுபாடு தெரியாமல் "பேசிக்கொண்டிருக்கிறோமே" என்று இருந்துவிட்டு எட்டாம் நாள் அதிர்ச்சி அடைவது அடிக்கடி நடக்கிறது. பேச்சு நடப்பதால் கெடு நிற்காது.

நம் உதாரணத்தில் மூன்றாம் வகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழே வரும் 2 முதல் 5 வரையான படிகளை நான்கு நாளுக்குள் முடியுங்கள். மீதி நாட்களை டிஸ்ப்யூட் பதிவு செய்ய ஒதுக்குங்கள். கடைசி நாள் இரவுவரை இழுக்க வேண்டாம், தளம் எந்த நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்கிறது என்பதே குழப்பமான விஷயம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள்: அந்த மைல்ஸ்டோனுக்கு உண்மையிலேயே பணம் போடப்பட்டிருக்கிறதா? பணம் போடாத மைல்ஸ்டோனில் வேலை செய்திருந்தால் விடுவிக்கக் கேட்க எஸ்க்ரோவில் எதுவும் இல்லை. அப்புறம் கோபத்தில் நீங்களாக ஒப்பந்தத்தை முடித்துவிடாதீர்கள். எஸ்க்ரோவில் பணம் இருக்கும்போது பிரீலான்சர் முடித்தால் அந்தப் பணம் கிளையன்டுக்குத் திரும்பும் வழி திறந்துகொள்ளும்.

## 2. பதில் எழுதும் முன் ஆதாரத்தைச் சேருங்கள்

இது முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சச்சரவு என்று தெரிந்ததும் சில கிளையன்ட்கள் டிசைன் கோப்பின் அனுமதியை எடுத்துவிடுவார்கள், சோதனைத் தளத்தின் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், பகிர்ந்த ஆவணத்தில் வரிகளைத் திருத்துவார்கள். காட்டமான பதில் ஒன்று போனால் அது இன்னும் வேகமாக நடக்கும்.

சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. ஒப்பந்தத்தின் வேலை விவரமும் மைல்ஸ்டோன் விவரமும், நீங்கள் சமர்ப்பித்த கோப்பும் அதன் தேதியும், கிளையன்ட் வேலையைப் பாராட்டியோ புதிதாக எதையாவது கேட்டோ அனுப்பிய செய்திகள், மறுப்புச் செய்தி. இவற்றைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து `01-scope.png`, `02-delivery.png` என்று எண்ணிட்டு வையுங்கள். நாற்பது படத்தைக் குவித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழெட்டு போதும்.

உங்கள் வேலையை கிளையன்ட் ஏற்கெனவே பயன்படுத்துகிறாரா என்றும் பாருங்கள். நம் டெவலப்பர் தேடியபோது, மறுக்கப்பட்ட முகப்பு கிளையன்டின் சொந்தத் தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, அது நீங்களே போலியாக உருவாக்கியது என்று கிளையன்ட் சொல்லிவிடலாம். web.archive.org-இல் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்தால் மூன்றாம் தரப்பிடம் தேதியோடு ஒரு நகல் நிற்கும். Upwork-இன் இயல்பான ஒப்பந்த விதிப்படி வேலையின் உரிமை, முழுப் பணமும் வந்த பிறகுதான் கிளையன்டுக்கு மாறும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும். வேலை வேண்டாம் என்பவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பது, டிஸ்ப்யூட்டைத் தளத்தின் சார்பில் கையாளும் மத்தியஸ்தர் பார்வையில் கனமான விஷயம்.

வாட்ஸ்அப்பிலோ போனிலோ பேசியவை இருந்தால் அவற்றின் சாரத்தைத் தளத்தின் சாட்டில் ஒருமுறை எழுதிவிடுங்கள்: "நேற்று பேசியபடி நிறங்களை மாற்றியிருக்கிறேன், உறுதி செய்யவும்." கிளையன்ட் மறுக்காவிட்டால் அது பதிவாகிவிடும். தளத்துக்கு வெளியே நடந்தது தளத்தின் கண்ணுக்குத் தெரியாது.

## 3. மறுப்பை வரி வரியாகப் பிரியுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். கிளையன்டின் மறுப்பு ஒரே மூச்சில் சொன்ன ஒரு புகாராக வரும். அதை அப்படியே எதிர்த்தால் விவாதம் "வேலை நல்லதா, கெட்டதா" என்று போய்விடும். அதில் யாரும் ஜெயிக்க முடியாது. மத்தியஸ்தர் உங்கள் கோடைத் திறந்து தரம் பார்க்கப் போவதில்லை. எழுதியிருப்பது என்ன, கொடுத்தது என்ன என்று ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்.

ஒவ்வொரு புகாரையும் தனி வரியாக எழுதி, எதிரே ஒப்பந்தத்தின் எந்த வாக்கியம் அதற்குப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போது பெரும்பாலும் மூன்று விதம் வெளிப்படும்: உண்மையான குறை, இந்த மைல்ஸ்டோனில் இல்லாத வேலை, ரசனை.

நம் உதாரணத்தின் முதல் புகார், மொபைல் மெனு. ஒப்பந்தத்தில் "மொபைலிலும் சரியாகத் தெரிய வேண்டும்" என்று இருக்கிறது. உலாவியில் திரை அகலத்தை 375 பிக்சலுக்குக் குறைத்துப் பார்த்தால் மெனு லோகோவின் மேல் ஏறி நிற்கிறது. இது உண்மையான குறை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது, படிவம் மெயில் அனுப்பவில்லை. உண்மைதான், அனுப்பவில்லை. ஆனால் இரண்டாம் மைல்ஸ்டோனில் "தொடர்புப் படிவத்தின் வடிவம்" என்றும், மூன்றாம் மைல்ஸ்டோனில் "படிவத்தை மெயிலோடு இணைப்பது" என்றும் எழுதியிருக்கிறது. வேலை இருக்கிறது, அதன் இடம் அடுத்த மைல்ஸ்டோன். "அது என் வேலை இல்லை" என்று பதில் எழுதினால் பொய்யாகிவிடும். "மூன்றாம் மைல்ஸ்டோனில் உள்ளது" என்பதே சரியான பதில்.

மூன்றாவது, நவீனமாக இல்லை. டிசைன் கிளையன்ட் கொடுத்தது. ஒப்பந்தம் "இணைத்துள்ள டிசைன்படி" என்கிறது. டிசைனையும் உங்கள் பக்கத்தையும் ஒரே அகலத்தில் அருகருகே வைத்த ஒரு படம் போதும். அழகு பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். எழுதினால் நீங்களே ரசனை விவாதத்துக்குள் இறங்கிவிடுவீர்கள்.

சரி, ஒப்பந்தம் தெளிவாக இல்லாவிட்டால்? "ஒரு நல்ல இணையதளம்" என்று மட்டும் எழுதியிருந்தால் சாட்டில் கிளையன்ட் ஒப்புக்கொண்ட சிறு சிறு முடிவுகள்தான் உங்கள் ஒப்பந்தம். "முகப்பு ஓகே, அடுத்ததுக்குப் போங்கள்" என்ற ஒற்றை வரிகூட முகப்பு அன்று ஏற்கப்பட்டதைக் காட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் முழுத்தொகையையும் எதிர்பார்க்காமல் பேச்சில் முடிக்கப் பாருங்கள். இப்படிப்பட்ட வழக்குகள் மேலே போகப்போக பலவீனமாகும்.

## 4. உங்கள் குறையைத் திருத்தி மீண்டும் கொடுங்கள்

பலர் இங்கே முரண்டு பிடிக்கிறார்கள்: பணமே தராதவருக்கு ஏன் இலவசமாக வேலை செய்ய வேண்டும்? இது இலவச வேலை ஆகாது. ஒப்பந்தத்தில் இருந்த ஒன்றை முடிக்கிறீர்கள். திருத்திய பின் கிளையன்டிடம் ஒப்பந்தத்தை ஒட்டிய புகார் எதுவும் மிச்சமிருக்காது என்பதுதான் இதில் உங்களுக்கு லாபம். இந்த நிலையில் டிஸ்ப்யூட்டுக்குப் போவதும், மெனு இன்னும் லோகோவின் மேல் நிற்கும்போது போவதும் ஒன்றல்ல.

திருத்துவது உண்மையான குறையை மட்டும். இந்தச் சமயத்தில் கிளையன்டைச் சமாதானப்படுத்த மெயில் இணைப்பையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். செய்தால் அது இரண்டாம் மைல்ஸ்டோனின் பகுதிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும்.

திருத்தத்துக்கு முன்னும் பின்னும் 375 பிக்சல் அகலத்தில் ஒரு படம், 768 பிக்சலில் ஒரு படம் எடுங்கள். ஒப்பந்தம் இன்னும் திறந்திருந்தால் முறைப்படி மீண்டும் சமர்ப்பியுங்கள். நம் உதாரணம்போல மூடப்பட்டிருந்தால் தளத்தின் சாட்டிலேயே கோப்பை இணைத்து, என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதுங்கள். இனி எஸ்க்ரோ விஷயம் முடியும்வரை மூலக்கோப்புகள், சர்வர் அணுகல் போன்ற புதிய எதையும் கொடுக்க வேண்டாம். அதேபோல, ஏற்கெனவே கொடுத்ததைப் பறிக்கவும் வேண்டாம். கிளையன்டின் சர்வரில் நுழைந்து பக்கங்களை அழித்தால் இதுவரை உங்களுக்குச் சாதகமாக இருந்த எல்லாம் அந்த ஒரு செயலால் தலைகீழாகிவிடும்.

## 5. பணம் கேட்கும் செய்தி

ஒரே செய்தி, தளத்தின் சாட்டில். இதை முதலில் படிப்பவர் கிளையன்ட், பின்னால் படிப்பவர் மத்தியஸ்தர். விஷயம் எதுவும் தெரியாத அந்த இரண்டாமவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

> வணக்கம். இரண்டாம் மைல்ஸ்டோன் (300 டாலர்) பற்றி நீங்கள் சொன்ன மூன்று விஷயங்களையும் பார்த்தேன்.
>
> மொபைல் மெனு: நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டேன், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இணைப்பில்.
>
> படிவம்: மெயில் இணைப்பு மூன்றாம் மைல்ஸ்டோனில் உள்ளது. அதற்குப் பணம் போட்டதும் தொடங்குகிறேன்.
>
> தோற்றம்: ஒப்பந்தப்படி, நீங்கள் கொடுத்த டிசைனைப் பின்பற்றியிருக்கிறேன். ஒப்பீட்டுப் படம் இணைப்பில். தோற்றத்தை மாற்ற விரும்பினால் தனி மைல்ஸ்டோனாகச் செய்யலாம்.
>
> முகப்பு உங்கள் தளத்தில் பயன்பாட்டில் இருப்பதையும் கவனித்தேன். பணத்தைத் திரும்பக் கேட்டதைக் கைவிட்டு, வியாழக்கிழமைக்குள் 300 டாலரை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது விடுபட்டிருந்தால் அது ஒப்பந்தத்தின் எந்த வரி என்று சொல்லுங்கள். வியாழனுக்குள் முடியாவிட்டால் தளத்தின் மத்தியஸ்தத்தைக் கேட்பேன்.

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைக் கவனியுங்கள். "எந்த வரி" என்று கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் அந்த மௌனமும் பதிவில் நிற்கும். தேதி கொடுப்பது மிரட்டல் ஆகாது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற அறிவிப்பு. மிரட்டல் என்பது "பணம் தராவிட்டால் மோசமான ரேட்டிங் போடுவேன்" என்று எழுதுவது. ரேட்டிங்கை வைத்துப் பேரம் பேசுவது தளத்தின் விதிமீறல், உங்கள் கணக்குக்கே ஆபத்து.

## 6. எவ்வளவுக்கு இறங்குவீர்கள் என்று முன்பே முடிவெடுங்கள்

டிஸ்ப்யூட்டுக்குப் போனதும் முதலில் கேட்கப்படுவது "எவ்வளவுக்கு முடித்துக்கொள்ளலாம்" என்பதுதான். கிளையன்ட் வழக்கமாகப் பாதி என்று தொடங்குவார். பாதி என்பது நியாயமாகத் தோன்றும் எண், ஆனால் அதற்குப் பின்னால் எந்தக் கணக்கும் இருக்காது.

நீங்கள் கணக்கோடு போங்கள். ஆறு பக்கம், 300 டாலர், பக்கத்துக்கு 50. மெனு எல்லாப் பக்கத்திலும் வரும் ஒரே பகுதி. அதை வேறொருவர் திருத்தினாலும் ஓரிரு மணி நேர வேலை. அதற்குக் கழிவு என்று 30 டாலர் கொடுக்கலாம், 150 கொடுக்க முடியாது. ஆகவே கேட்பது 300, இறங்கும் எல்லை 270. இந்த எல்லையை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், முதல் செய்தியிலேயே சொன்னால் அங்கிருந்துதான் பேரம் தொடங்கும்.

## 7. டிஸ்ப்யூட் பதிவு செய்வது

வியாழன் போயிற்று, பதில் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்ட அறிவிப்பைத் திறந்து, மறுத்து, டிஸ்ப்யூட் பதிவு செய்யுங்கள். விளக்கம் எழுதும் பெட்டியில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாதீர்கள். முதல் வரியில் என்ன கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள்: இரண்டாம் மைல்ஸ்டோனின் 300 டாலரை விடுவிக்க வேண்டும். அடுத்து மூன்று புகார், மூன்று பதில், ஒவ்வொன்றுக்கும் படத்தின் எண். கிளையன்டின் குணத்தைப் பற்றி எதுவும் வேண்டாம்.

மத்தியஸ்தர் நீதிபதி இல்லை. Upwork-இல் அவர் இரு தரப்பையும் பேசவைத்து ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயல்வார், அவர் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. "தளம் பார்த்து நியாயம் வழங்கும்" என்று நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவர் அனுப்பும் கேள்விகளுக்குக் கொடுத்த அவகாசத்துக்குள் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு உங்களுக்கு எதிராகவே முடியலாம்.

270-க்கு உடன்பாடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாட்டில் எழுத்தில் போடுங்கள்: 270 விடுவிக்கப்படும், 30 திரும்பும், இந்த மைல்ஸ்டோனில் இனி வேலை பாக்கி இல்லை. இரண்டையும் மத்தியஸ்தரே சேர்த்துச் செய்தால் நல்லது. உங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறீர்கள் என்றால் முதலில் 270 விடுபட வேண்டும், பிறகே 30-ஐத் திருப்ப நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்ப எடுக்க முடியாது.

## 8. உடன்பாடு வராவிட்டால்

அடுத்தது நடுவர் தீர்ப்பு. இதற்கு இரு தரப்பும் கட்டணம் கட்ட வேண்டும். கெடுவுக்குள் ஒருவர் கட்டாவிட்டால் கட்டியவர் பக்கம் பணம் போய்விடும். ஆகவே கேள்வி நேரடியானது: கட்டணத்தைக் கழித்த பிறகு கையில் என்ன மிஞ்சும்? உங்கள் தளத்தின் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக் கழித்துப் பாருங்கள். 300 டாலர் வழக்கில் பெரும்பாலும் ஒத்துவராது. ஆயிரக்கணக்கான டாலர் என்றால் யோசிக்கலாம். கிளையன்டும் இதே கணக்கைத்தான் போடுகிறார் என்பதால், சிறு தொகை வழக்குகளுக்கு மத்தியஸ்தமே கிட்டத்தட்ட கடைசிப் படி. ஏழாம் படியில் சில டாலர் விட்டுக்கொடுப்பது இதனால்தான்.

## 9. பணம் விடுபட்ட பிறகு

விடுபட்டதும் உடனே எடுக்க முடியாது. Upwork-இல் நிலையான விலைப் பணத்துக்கு 5 நாள் பாதுகாப்பு நிறுத்தம் உண்டு. அந்த நாட்களில் கிளையன்டிடம் பணம் பற்றி மீண்டும் பேச்சைக் கிளப்ப வேண்டாம். தளத்தின் சேவைக் கட்டணம் விடுபட்ட தொகையிலிருந்து கழியும், 270 முழுதாக வராது.

கிளையன்ட் சமாதானமாகி மூன்றாம் மைல்ஸ்டோனைத் தொடரலாம் என்றால், பழைய ஒப்பந்தம் மூடப்பட்டுவிட்டதால் புதிய ஒப்பந்தம் கேளுங்கள். எஸ்க்ரோவில் 100 டாலர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு படிவத்தைத் தொடுங்கள். விவரத்தில் இந்த முறை "படிவத்திலிருந்து அனுப்பும் செய்தி, கிளையன்ட் கொடுத்த மெயிலுக்கு வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது" என்று எழுதுங்கள்.